பட்டத்து நூல், குடைக்கம்பி: தானாகத் தேர்வு செய்யும் கருவிகளில் விழாதவற்றை எப்படி வெட்டி எடுக்கிறீர்கள்?

பனைமுனை | 16 ஜனவரி 2025, இரவு 9.40

பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டியில் எடுத்த படம் ஒன்று. 6000க்கு 4000 பிக்சல். ஒருவர் கால்களை மணலில் ஊன்றி நூலை இழுத்துப் பிடித்திருக்கிறார், மேலே பட்டம். ஆளையும் நூலையும் பட்டத்தையும் மட்டும் எடுத்து, வெறும் மஞ்சள் பின்னணியில் சுவரொட்டி செய்ய வேண்டும்.

போட்டோஷாப்பில் Select Subject கொடுத்தால் ஆள் சுத்தமாக வருகிறார். பட்டமும் முக்கால்வாசி வருகிறது. நூல் அறவே இல்லை. Select and Mask உள்ளே போய் Refine Edge Brush வைத்து நூலின்மேல் ஓட்டிப் பார்த்தேன். அங்கங்கே துண்டு துண்டாக, நீல வானத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. Magic Wand பற்றிப் பேசவே வேண்டாம்.

நூல் கைக்குப் பக்கத்தில் மூன்று, நான்கு பிக்சல் அகலம். மேலே போகப் போக மெலிந்து, பட்டத்தை நெருங்கும் இடத்தில் கண்ணுக்கே தட்டுப்படவில்லை. போதாததற்கு முச்சை நூல் மூன்று தனித்தனியாகத் தெரிகிறது. நூல் இல்லாமல் பார்த்தால் ஆள் வானத்தைப் பார்த்துக் குத்துச்சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது. இதை யாராவது செய்திருக்கிறீர்களா?

தந்திக்கம்பம் | 16 ஜனவரி, இரவு 9.58

இதற்கு இப்போது சுலப வழி வந்துவிட்டது. Remove Tool எடுங்கள், மேலே Find Distractions என்று இருக்கும், அதில் Wires and cables. ஒரே அழுத்தில் கம்பி எல்லாம் காணாமல் போகும். வீட்டு வாசலில் மின்கம்பி குறுக்கே போன படங்களை நான் இப்படித்தான் சுத்தம் செய்கிறேன்.

பனைமுனை | 16 ஜனவரி, இரவு 10.05

ஐயா, என் நூல் ஏற்கெனவே காணாமல்தான் போயிருக்கிறது. அதைத் திரும்பக் கொண்டுவர வழி கேட்கிறேன்.

சேலத்துக்காரன் | 16 ஜனவரி, இரவு 10.31

சானல் வழி இருக்க வேறு எதற்குப் போக வேண்டும்? Channels பேனலில் Red, Green, Blue மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். நீல வானம் Red சானலில் நன்றாக இருண்டு தெரியும். வெள்ளை நூல் அதில் பளிச்சென்று இருக்கும். Red சானலை நகல் எடுத்து, Ctrl+L அழுத்தி Levels-இல் கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் நெருக்கினால் வானம் முழுக் கறுப்பு, நூல் முழு வெள்ளை. Ctrl அழுத்தியபடி அந்தச் சானலைச் சொடுக்கினால் தேர்வு தயார். முடி, நூல், கம்பி எல்லாவற்றுக்கும் நான் செய்வது இதுதான். ஐந்து நிமிட வேலை.

பனைமுனை | 17 ஜனவரி, காலை 7.15

செய்து பார்த்தேன். மேல்பாதி அற்புதமாக வந்தது, நன்றி. கீழ்ப்பாதிதான் சிக்கல். அடிவானத்தை ஒட்டி வானம் வெளிறிக் கிடக்கிறது. Red சானலில் அங்கே நூலும் வெள்ளை, வானமும் வெள்ளை. ஒரு மேகத் துண்டும் நூலோடு சேர்ந்து வந்துவிட்டது. Levels-ஐ மேல்பாதிக்குச் சரிசெய்தால் கீழே நூல் இல்லை. கீழ்ப்பாதிக்குச் சரிசெய்தால் மேகம் முழுவதும் உள்ளே.

சேலத்துக்காரன் | 17 ஜனவரி, காலை 7.40

அப்படியென்றால் இரண்டு நகல் எடுத்து, மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என்று செய்யுங்கள். மேகத்தைக் கறுப்புப் பிரஷால் மூடிவிடலாம்.

கத்தரிக்கோல் | 17 ஜனவரி, மதியம் 1.20

சேலத்துக்காரர் சொல்வது பாதி சரி. ஒரே நிறமான பின்னணி, அதிலிருந்து தெளிவாக வேறுபடும் நூல் என்று இருந்தால் சானல்தான் ராஜா. பின்னணி ஓரிடத்தில் நீலமும் இன்னோரிடத்தில் வெள்ளையுமாக இருக்கும்போது, கீழ்ப்பாதியில் எடுக்க அங்கே தகவலே இல்லை. Levels-ஐ எவ்வளவு முறுக்கினாலும் இல்லாததை அது கொண்டுவராது.

நான் பொருள் படங்களை வெட்டிக் கொடுக்கும் வேலையில் வெகுகாலமாக இருக்கிறேன். மெல்லிய கோடு எதையும் நான் தேர்வு செய்வதில்லை. முதலில் அதை முழுக்க விட்டுவிடுவேன். ஆளும் பட்டமும் சுத்தமாக வந்த பிறகு, நூலை மட்டும் பாத் போட்டுத் திரும்ப வைப்பேன். வெட்டுகிற வேலையாக இதைப் பார்க்கிறவரை தலைவலிதான்.

தானாகத் தேர்வு செய்யும் கருவி ஏன் நூலை விடுகிறது என்றால், அது படத்தைச் சுருக்கி வைத்துத்தான் 'இதோ ஆள், இதோ பொருள்' என்று முடிவெடுக்கிறது. 6000 பிக்சல் படம் ஆயிரம் பிக்சலாகச் சுருங்கினால் உங்கள் மூன்று பிக்சல் நூல் அரைப் பிக்சல். அது கருவியின் கண்ணில் படவே படாது. விளிம்பைப் பிறகு எவ்வளவு நுணுக்கமாகத் திருத்தினாலும், முதலிலேயே பார்க்காததற்கு விளிம்பு எங்கிருந்து வரும்?

பனைமுனை, உங்கள் படத்துக்கு வேலை இப்படிப் போகும். Select Subject தேர்வை லேயர் மாஸ்க்காக மாற்றிக்கொள்ளுங்கள். பட்டத்தில் விட்டுப்போன மூலைகளை மாஸ்க்கில் வெள்ளைப் பிரஷால் நிரப்புங்கள். பிறகு பென் டூல் எடுத்து, மேலே பட்டையில் Shape என்று இருந்தால் Path என்று மாற்றுங்கள். கைவிரலில் ஒரு புள்ளி வைத்து இழுங்கள். நேரே பட்டத்துக்குப் போய் இன்னொரு புள்ளி வைத்து இழுங்கள். அவ்வளவுதான், இரண்டே புள்ளி. பட்டத்து நூல் தன் எடையால் ஒரே சீரான வளைவாகத் தொய்ந்திருக்கும். அதை இரண்டு கைப்பிடிகளை நீட்டிக் குறைத்தே பொருத்திவிடலாம். நூலை ஒட்டியே போகிறேன் என்று இருபது புள்ளி வைத்தவர்களின் நூலைப் பார்த்திருக்கிறேன், நடுங்கிக்கொண்டே போகும். கீழே நூல் தெரியாத பகுதியிலும் இந்த வளைவை நம்பலாம், ஏனென்றால் மேலே தெரிகிற பகுதிதான் அதன் வடிவத்தைச் சொல்லிவிட்டதே.

பாத்தை உடனே சேமியுங்கள். Paths பேனலில் Work Path என்று சாய்வெழுத்தில் இருப்பது தற்காலிகம். அதை இரட்டைச் சொடுக்கிப் பெயர் கொடுங்கள். பின்னால் இது எதற்கு என்று தெரியும்.

பிறகு பிரஷ். கெட்டியான வட்டப் பிரஷ், Hardness 100%, அளவு 3 அல்லது 4 பிக்சல். பாத் தேர்வில் இருக்கும்போது பிரஷ் டூலுக்கு மாறி Enter தட்டினால் பாத் நெடுகப் பிரஷ் ஓடிவிடும். எதில் ஓட வேண்டும் என்பதைச் சாயங்காலம் எழுதுகிறேன். முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது. இப்போது சாப்பாடு.

கறுப்பறை | 17 ஜனவரி, மதியம் 1.52

இது வெட்டி எடுப்பதா, வரைவதா? தெரியாத இடத்தில் நூலை வரைந்துவிட்டு அதைப் புகைப்படம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

பனைமுனை | 17 ஜனவரி, மதியம் 2.10

சுவரொட்டிக்குத்தானே. மஞ்சள் வானத்தை யாரும் நம்பப் போவதில்லை.

குடைவீட்டு மருமகள் | 17 ஜனவரி, மாலை 4.35

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டில் குடை வியாபாரம். வீட்டுக்குடை, மடக்குக்குடை, தள்ளுவண்டிக்குப் போடும் பெரிய குடை எல்லாம் உண்டு. இணையக் கடைக்காக வெள்ளைத் தாள் முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, பின்னணியை மாற்றுவது என் பொறுப்பு. எனக்கு நேர்வது உங்களுக்கு நேர்மாறு. கம்பி தொலைவதில்லை. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் தெரிகிற வெள்ளை, குடையோடு சேர்ந்து வந்துவிடுகிறது. பின்னணியைப் பச்சையாக்கினால் குடைக்கடியில் வெள்ளை முக்கோணங்கள். ஒவ்வொரு முக்கோணமாக லாஸோ போட்டு வெட்டிக் கை வலிக்கிறது. சானல் வழியில் போனால் கம்பியே நடுவில் அறுந்து அறுந்து வருகிறது.

கத்தரிக்கோல் | 17 ஜனவரி, இரவு 8.15

மதியம் விட்ட இடத்திலிருந்து.

பாத் மேல் பிரஷை லேயர் மாஸ்க்கில் வெள்ளையாக ஓட்டலாம். அப்போது கீழே உள்ள அசல் நூலே வெளிப்படும். கேட்க நன்றாக இருக்கிறது. மஞ்சள் பின்னணியில் வைத்துப் பாருங்கள், நூல் நீலமாகத் தெரியும். காரணம், மூன்று பிக்சல் நூலில் நடுப்பிக்சல் ஒன்றுதான் முழு நூல். இரண்டு பக்கமும் இருப்பவை பாதி நூல், பாதி வானம். கணக்காக எழுதினால் இப்படி:

```
C = αF + (1 − α)B
```

C என்பது படத்தில் இருக்கும் பிக்சல், F நூலின் சொந்த நிறம், B பின்னால் உள்ள வானம், α அந்தப் பிக்சலில் நூல் எவ்வளவு என்ற பங்கு. ஒரு சானலில் நூல் 240, வானம் 120, ஓரப் பிக்சல் 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நூல் சரிபாதி. மாஸ்க்கில் அந்த இடத்தைச் சரியாக 50% சாம்பலாக வைத்தாலும் வெளியே வருவது 240 இல்லை, 180தான். வானம் கலந்த நிறமே பாதி ஒளிபுகுந்து மஞ்சள்மேல் உட்காரும். ஆக மாஸ்க் துல்லியமாக இருந்தாலும் நிறம் தப்பு. ஆளின் சட்டை ஓரத்திலும் இதே கலப்படம் உண்டு. அங்கே விளிம்பை ஒரு பிக்சல் உள்ளே தள்ளினால் போயிற்று. மூன்று பிக்சல் நூலில் இரண்டு பக்கமும் ஒரு பிக்சல் தள்ளினால் மிச்சம் என்ன இருக்கும்?

அதனால் நூலுக்கு மாஸ்க்கைத் தொடுவதில்லை. மேலே புதுக் காலி லேயர் போட்டு, நூலின் நிறத்தை Eyedropper-இல் எடுத்து, அந்த நிறத்தில் பாத்தை ஓட்டுவேன். நிறம் எடுக்கும்போது Sample Size என்பதில் Point Sample வையுங்கள். 5 by 5 Average இருந்தால் மூன்று பிக்சல் நூலோடு பக்கத்து வானத்தையும் சேர்த்துச் சராசரி போட்டு, மறுபடியும் நீலத்தைத்தான் கையில் கொடுக்கும். கைக்குப் பக்கத்தில், நூல் தடித்திருக்கும் இடத்தின் நட்டநடுவில் எடுங்கள்.

என் கணக்கில் ஆறு பிக்சலுக்கு மேல் அகலம் இருந்தால் அசல் பிக்சலை வெளிக்காட்டலாம். நான்குக்குக் கீழே என்றால் நிறம் கொடுத்து ஓட்டுவதுதான். நடுவில் உள்ளது அவரவர் பொறுமையைப் பொறுத்தது.

குடை அக்காவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

இலவசவாசி | 17 ஜனவரி, இரவு 8.50

கிம்ப் வைத்திருப்பவர்களுக்கு: கத்தரிக்கோல் போட்ட அந்தக் கணக்கை Colors > Color to Alpha தானே செய்துவிடும். வானத்தின் நிறத்தைக் காட்டினால், ஒவ்வொரு பிக்சலிலும் அந்த நிறம் கலந்திருக்கும் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஒளிபுகும் பிக்சலாக்கும். ஓரத்து நீலமும் போய்விடும். லேயரை நகல் எடுத்து, நூலைச் சுற்றிக் கொஞ்சம் அகலமாகத் தேர்வு போட்டு அதற்குள் மட்டும் செய்யுங்கள். ஆள்மேல் ஓட்டினால் அவரும் பாதி ஆவியாகிவிடுவார்.

கத்தரிக்கோல் | 17 ஜனவரி, இரவு 9.05

நல்ல கருவி, எனக்கும் பிடிக்கும். ஆனால் அது ஒரே ஒரு B-யைத்தான் எடுத்துக்கொள்ளும். பனைமுனையின் வானம் மேலே நீலம், கீழே வெள்ளை.

இலவசவாசி | 17 ஜனவரி, இரவு 9.12

துண்டு துண்டாகத் தேர்வு போட்டு ஒவ்வொரு துண்டுக்கும் அந்தந்த வான நிறத்தைக் கொடுக்கலாமே. மேல்பாதியை நான்கைந்து துண்டாக்கினால் போதும். கீழே வெளிறிய பகுதியில் நடக்காது, ஒத்துக்கொள்கிறேன். வெள்ளையிலிருந்து வெள்ளையைக் கழித்தால் ஒன்றும் மிஞ்சாது.

கத்தரிக்கோல் | 17 ஜனவரி, இரவு 9.48

குடை அக்கா, உங்கள் கேள்வி வேறுமாதிரி தெரிந்தாலும் வைத்தியம் ஒன்றுதான்.

முதலில், எந்தக் கம்பியை வெட்ட வேண்டும் என்று பாருங்கள். குடையைச் சாய்த்து உள்பக்கம் தெரிய எடுத்த படத்தில் கம்பிகள் துணியின்மேலேயே இருக்கின்றன. அவற்றைத் தொடவே வேண்டாம், துணியோடு வந்துவிடும். துணி விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் மட்டுமே வேலை. சிக்கல் உங்கள் தள்ளுவண்டிக் குடையில்தான் என்று நினைக்கிறேன். அதன் துணி தட்டையாக விரிந்திருக்கும். பக்கவாட்டில் எடுத்தால், நடுத்தண்டிலிருந்து துணியைத் தாங்கப் போகும் கம்பிகள் துணி விளிம்புக்குக் கீழே இறங்கித் தெரியும். அந்தக் கம்பிகளுக்கு நடுவேதான் உங்கள் முக்கோணங்கள்.

முக்கோணங்களை ஒவ்வொன்றாக வெட்டாதீர்கள். துணி விளிம்பை ஒட்டி ஒரு பாத் போட்டு, அதற்குக் கீழே உள்ளது அத்தனையையும் மாஸ்க்கில் கறுப்பாக்குங்கள். கம்பி, தண்டு, வெள்ளை எல்லாம் போகட்டும். இப்போது வெறும் துணி மட்டும் மிதக்கும். பயப்படாதீர்கள். கெட்டிப் பிரஷ், வெள்ளை நிறம், மாஸ்க்கின்மேல். கம்பியின் ஒரு முனையில் ஒரு சொடுக்கு, மறுமுனையில் Shift அழுத்தியபடி இன்னொரு சொடுக்கு. நேர்கோடு விழும், கம்பி திரும்ப வந்துவிடும். குடைக்கம்பி நேரானது என்பதால் பென் டூல்கூட வேண்டாம். எட்டுக் கம்பியுள்ள குடை என்றால் எட்டு முறை இப்படி. தண்டுக்கு மட்டும் பிரஷைப் பெரிதாக்குங்கள்.

பிரஷ் அளவு கம்பியின் அகலத்தைவிட ஒன்று, இரண்டு பிக்சல் குறைவாக இருக்கட்டும். கம்பி 8 பிக்சல் என்றால் பிரஷ் 6. ஓரத்து வெள்ளை வெளியே தங்கிவிடும். கம்பியை ஒரு பிக்சல் இளைக்க வைத்ததை வாங்குகிறவர் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்.

குடைவீட்டு மருமகள் | 18 ஜனவரி, காலை 11.20

நேற்று இரவே செய்தேன். முக்கோணப் பிரச்சினை தீர்ந்தது, மாமாவிடம் படத்தைக் காட்டினேன், இதற்கா இத்தனை நாள் என்றார்!

ஒன்று மட்டும். கம்பி எஃகு. அதன் மினுக்கம் வெள்ளைத் தாள் மாதிரியே வெள்ளையாக இருக்கிறது. பச்சைப் பின்னணியில் வைத்தால் கம்பியின் நடுவில் ஒரு பகுதி சுத்த வெள்ளைக் கோடாக, யாரோ சாக்பீஸால் கிழித்தது போல் நிற்கிறது. சானல் வழியில் கம்பி அறுந்ததும் அந்த இடத்தில்தான்.

சேலத்துக்காரன் | 18 ஜனவரி, காலை 11.45

அறுந்த இடத்தைச் சானல் நகலில் பிரஷால் ஒட்டிவிடலாமே. அதற்காகச் சானலையே குறை சொன்னால் எப்படி?

கத்தரிக்கோல் | 18 ஜனவரி, மதியம் 12.30

ஒட்டலாம், சேலத்துக்காரரே. ஒட்டினாலும் வெளிப்படுவது அந்த வெள்ளைதான், மாஸ்க் அதன் நிறத்தை மாற்றாது.

அக்கா, எஃகு ஒரு கண்ணாடி. நான்கு பக்கமும் வெள்ளைத் தாள் இருந்தால் அதற்குள்ளும் வெள்ளைத் தாள்தான் இருக்கும். இதைப் படமெடுக்கும்போதே தீர்ப்பது நல்லது. படச்சட்டத்துக்கு வெளியே, குடைக்கு இடமும் வலமுமாக இரண்டு கறுப்பு அட்டைகளை நிறுத்துங்கள். எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு. கம்பியின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு விழும், நடுவில் மட்டும் வெளிச்சம் நிற்கும். கண்ணாடிப் புட்டி எடுப்பவர்கள் எல்லாரும் செய்வது. அப்படி எடுத்தால் சேலத்துக்காரரின் சானல்கூட உங்களுக்கு வேலை செய்யும்.

எடுத்து முடித்த படத்துக்கு: குடை லேயருக்கு மேலே புது லேயர், அதை Clipping Mask ஆக்கி, Multiply-இல் வைத்து, இளஞ்சாம்பல் நிறத்தில் கம்பிமேல் ஒரு Shift சொடுக்கு. ஓரளவுக்குத்தான் தேறும்.

தந்திக்கம்பம் | 18 ஜனவரி, மதியம் 1.05

குடை கறுப்பு, பின்னணி வெள்ளை என்று இருந்தால், லேயரையே Multiply-இல் வைத்தால் வெள்ளை தானே மறைந்துவிடுமே? வெட்டவே வேண்டாமே?

கத்தரிக்கோல் | 18 ஜனவரி, மதியம் 1.30

இந்த முறை நீங்கள் சொல்வது சரி. பின்னணித் தாள் சுத்த வெள்ளையாகவும், புதுப் பின்னணி வெளிர் நிறமாகவும் இருந்தால் அதைவிடச் சுலபமான வழி இல்லை. கறுப்புக் கம்பி, கறுப்பு நூலுக்குக் கச்சிதம். குடையில் வெளிர்நிறப் பூ இருந்தால் பூவுக்குள்ளும் பின்னணி நுழைந்துவிடும். அதனால் துணிக்கு மாஸ்க், கம்பிக்கு மட்டும் Multiply என்று இரண்டு லேயராகப் பிரிக்கலாம். புதுப் பின்னணி இருட்டாக இருந்தால் இதை மறந்துவிடுங்கள்.

பனைமுனை | 18 ஜனவரி, இரவு 10.20

என் படத்துக்குத் திரும்புகிறேன். பாத் போட்டு, புது லேயரில் நூல் நிறத்தில் ஓட்டிவிட்டேன். வளைவு சரியாகப் பொருந்துகிறது, இரண்டு புள்ளி போதும் என்றது உண்மை. ஆனால் நூல் கையிலிருந்து பட்டம்வரை ஒரே தடிமன். கம்பியை வளைத்து வைத்தது போல் இருக்கிறது. Stroke Path பெட்டியில் Simulate Pressure என்று ஒன்று இருந்ததே என்று அதைப் போட்டால், இரண்டு முனையும் மெலிந்து நடுவில் தடிக்கிறது. கையில் பிடித்த இடத்தில் நூல் ஊசியாக நிற்கிறது. எனக்குக் கையில் தடிப்பும் பட்டத்தில் மெலிவும் வேண்டும்.

கத்தரிக்கோல் | 18 ஜனவரி, இரவு 10.55

இரண்டு வழி. ஒன்று, Brush Settings-இல் Shape Dynamics போய், Size Jitter-க்குக் கீழே Control என்பதை Fade ஆக்குங்கள். பக்கத்தில் ஒரு எண் கேட்கும். பிரஷ் எத்தனை அடி வைத்த பிறகு மெலிந்து முடிய வேண்டும் என்பது அது. நூல் நீளமானது, எண்ணும் பெரிதாகவே வேண்டும். ஓட்டிப் பார்த்து, Ctrl+Z போட்டு, எண்ணைக் கூட்டி மறுபடி ஓட்டுங்கள். Minimum Diameter-ஐச் சுழியாக விடாதீர்கள், முனைக்கு முன்பே நூல் காணாமல் போகும். பாத்தை எந்த முனையில் தொடங்கினீர்களோ அங்கிருந்துதான் Fade தொடங்கும். கையில் தொடங்கச் சொன்னது அதற்காகவும்தான்.

இரண்டாவது வழி, Simulate Pressure-ஐ ஏமாற்றுவது. பாத்தைக் கைக்குக் கீழேயும் அதே நீளத்துக்கு நீட்டிவிடுங்கள். தடித்த நடுப்பகுதி கைக்கு வந்துவிடும். கைக்குக் கீழே உள்ளதை அழித்துவிடுங்கள்.

ஒரு பிக்சலுக்குக் கீழே மெலிவை அகலத்தால் காட்ட முடியாது. அரைப் பிக்சல் நூல் என்பது ஒரு பிக்சல் நூல், 50% ஒளிபுகலோடு. அதனால் நூல் லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டு, பட்டத்துப் பக்கம் மட்டும் கறுப்பு கிரேடியன்ட் லேசாக இழுத்துவிடுங்கள். முச்சை மூன்றுக்கும் தனித்தனிப் பாத், 1 பிக்சல் பிரஷ், நேர்கோடு. அவை இழுபட்டு நிற்பவை, வளையாது.

இலவசவாசி | 18 ஜனவரி, இரவு 11.10

கிம்ப்பில் Stroke Path போகும்போது Stroke with a paint tool தேர்ந்து Emulate brush dynamics போட்டால் மெலிவு வரும். எந்த Dynamics தேர்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஆட்டம் காட்டும். நான் பெரும்பாலும் இரண்டாவது வழிதான்.

தோணித்துறை | 19 ஜனவரி, காலை 6.50

நான் படகுகளை எடுப்பவன். தும்புக் கயிறு என்றால் எப்படி? இந்த வழியில் செய்து பார்த்தால் பிளாஸ்டிக் குழாய் மாதிரி வருகிறது.

கத்தரிக்கோல் | 19 ஜனவரி, காலை 8.25

கயிறு நூல் இல்லையே. முப்பது, நாற்பது பிக்சல் அகலம் இருக்கும், முறுக்கும் நாரும் தெரியும். அதற்கு நிறம் கொடுத்து ஓட்டினால் குழாய்தான் வரும். இரண்டு ஓரத்தையும் சுற்றி மூடிய பாத் போட்டு, அதைத் தேர்வாக்கி, அசல் பிக்சலையே வெளிக்காட்டுங்கள். பாத் நாரின் முனையில் போகக் கூடாது, கயிற்றின் கெட்டியான உடம்பில் போக வேண்டும். பிறகு மாஸ்க்கின்மேல் Smudge Tool, இரண்டு மூன்று பிக்சல் பிரஷ். உள்ளிருந்து வெளியே சின்னச் சின்ன இழுப்பு, நார் எங்கே தெரிகிறதோ அங்கே மட்டும். எல்லா இடத்திலும் இழுத்தால் கம்பளிப்பூச்சி ஆகிவிடும்.

பனைமுனை | 20 ஜனவரி, இரவு 9.30

Fade வழியில் நூல் சரியாக வந்தது. விரல்களுக்குள் நூல் நுழையும் இடத்தில் மட்டும் நூல் லேயரில் விரல் வடிவத்துக்கு அழித்தேன், இல்லாவிட்டால் நூல் விரல்மேல் ஒட்டியது போல் தெரிந்தது. நெஞ்சுக்கு முன்னால் போகும் நூல் துண்டை நான் வரையவில்லை. அது சட்டையோடு ஏற்கெனவே அசலாக வந்திருக்கிறது.

புதுச் சிக்கல். 6 அடி அகல பிளெக்ஸில் நூல் நன்றாகத் தெரிகிறது. அதையே கைப்பேசியில் அனுப்ப 1080 பிக்சலுக்குச் சுருக்கினால் நூல் மறுபடியும் மாயம்.

கத்தரிக்கோல் | 20 ஜனவரி, இரவு 10.00

பாத்தைச் சேமிக்கச் சொன்னது இதற்குத்தான். 6000-ஐ 1080 ஆக்கினால் ஐந்தரை மடங்குக்கு மேல் சுருங்குகிறது. மூன்று பிக்சல் நூல் அரைப் பிக்சலாகிவிடும். மஞ்சள்மேல் வெள்ளை அரைப் பிக்சலை யாரும் பார்க்க முடியாது. நூல் லேயரை அணைத்துவிட்டு, நகலில் Image Size கொடுத்துச் சுருக்குங்கள். பாத்தும் கூடவே சுருங்கும். இப்போது அதே பாத்தில் 2 பிக்சல் பிரஷ் வைத்துப் புதிதாக ஓட்டுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நூல். பிளெக்ஸில் 6 அடிக்கு 72 டிபிஐ என்றால் 5184 பிக்சல், மூன்று பிக்சல் நூல் ஒரு மில்லிமீட்டர் வரும். தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பதற்கு அதுவும் மெலிவுதான், நானாக இருந்தால் ஐந்து வைப்பேன்.

கறுப்பறை | 20 ஜனவரி, இரவு 10.40

நிஜத்தில் இருந்ததைவிடத் தடித்த நூல், நிஜத்தில் தெரியாத இடத்தில். சுவரொட்டிக்குச் சரி. இதே கோப்பு நாளைக்குப் புகைப்படப் போட்டிக்குப் போனால்?

பனைமுனை | 20 ஜனவரி, இரவு 10.48

போகாது. அசல் கோப்பு அப்படியே தனியாக இருக்கிறது.

கத்தரிக்கோல் | 20 ஜனவரி, இரவு 11.05

கறுப்பறை சொல்வதை ஒதுக்க முடியாது. செய்திப் படத்தில் நான் இதைச் செய்ய மாட்டேன். கடைப் படத்தில் கம்பியை ஒரு பிக்சல் இளைக்க வைப்பதும், வானத்தில் நூலை வரைவதும் ஒன்றா என்று கேட்டால், கோடு எங்கே போடுவது என்பதில் எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு கட்சி உண்டு.

குடைவீட்டு மருமகள் | 22 ஜனவரி, மாலை 5.15

கறுப்பு அட்டை வைத்து எடுத்தேன். கறுப்பு, நீலம், சிவப்புக் குடைகளில் கம்பியின் ஓரம் கோடு போட்ட மாதிரி நிற்கிறது. இனி வெள்ளைக் குடை இருக்கிறது. வெள்ளைத் துணி, வெள்ளைத் தாள், துணியின் விளிம்பே தெரியவில்லை. கறுப்பு அட்டை வைத்தால் துணி அழுக்காகத் தெரிகிறது. தாளைச் சாம்பலாக மாற்றிவிடலாமா, இல்லை நீலத் தாளா?

சேலத்துக்காரன் | 22 ஜனவரி, மாலை 5.22

நீலத் தாள்! Red சானலில் பிய்த்துக்கொண்டு வரும்.

கத்தரிக்கோல் | 22 ஜனவரி, மாலை 6.10

நீலம் வேண்டாம் அக்கா, தாளின் நீலம் வெள்ளைத் துணியில் எதிரொளிக்கும், எஃகிலும் ஏறும். நடுத்தரச் சாம்பல் வையுங்கள், குடையைத் தாளிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னால் தள்ளி நிறுத்துங்கள். ஒன்று எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.